சாம்பார் 48 டிகிரி

வெள்ளிக்கிழமை மாலை 7 மணி 12 நிமிடம். சென்னையில் கூட்டம் நிறைந்த ஒரு சைவ உணவகத்துக்குள் ஒரு தம்பதி நுழைகிறார்கள். கணவர் கைபேசியைப் பார்த்தபடி வருகிறார். மனைவியின் தோளில் ஒரு கைப்பை. வேலை முடிந்து டிபன் சாப்பிட வந்தவர்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கைபேசியில் ஓடிக்கொண்டிருப்பது ஸ்டாப்வாட்ச். கைப்பைக்குள் பேனா அளவில் ஒரு வெப்பமானியும், ஆல்கஹால் நனைத்த நான்கு துடைப்புத் தாள்களும் இருக்கின்றன. இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த உணவகத்துக்கு அவர்கள் 100க்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள்.

இவர்களைத் தொழிலில் மிஸ்டரி ஷாப்பர் என்பார்கள். உரிமையாளரே அமர்த்தி, வாடிக்கையாளர் போல அனுப்பிவைக்கும் கணிப்பாளர்கள். இந்தத் தம்பதியும் இந்த உணவகமும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட மாதிரிதான். அவர்கள் கேட்கும் கேள்விகளும், அளக்கும் முறையும், அதில் நேரும் பிழைகளும் இந்தத் தொழிலில் அன்றாடம் உள்ளவை.

இந்த வேலையை வேறு இரண்டு வேலைகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி சமையலறைக்குள் போய்ப் பார்ப்பார். அவர் தரும் அறிக்கை உரிமத்தையே பாதிக்கலாம். மிச்செலின் வழிகாட்டியின் ஆய்வாளர்களும் பெயர் சொல்லாமல்தான் வருகிறார்கள், பில்லைத் தாங்களே கட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய நட்சத்திரம் தட்டில் உள்ள உணவுக்கு மட்டுமே. நம் தம்பதிக்குச் சமையலறையும் தெரியாது, சாம்பாரின் ருசியைப் பற்றி அவர்களை யாரும் கேட்கப்போவதும் இல்லை. வரவேற்பு, வேகம், சுத்தம், உணவின் சூடு: ஒரு வாடிக்கையாளர் மேஜையிலிருந்தே அளக்கக்கூடிய நான்கை மட்டும் அளக்கிறார்கள்.

ஒரே பெயரில் பல கிளைகள் வந்தபோதுதான் இப்படி அளக்க வேண்டிய கட்டாயமும் வந்தது. 1955இல் ரே கிராக் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையை இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளெய்ன்ஸ் ஊரில் திறந்தார். கடைகள் பெருகியதும், எல்லாவற்றிலும் தாமே நின்று பார்க்க முடியாது என்றானது. 1950களின் பிற்பகுதியில் அவருடைய உதவியாளர் ஃபிரெட் டர்னர் கடை கடையாகப் போய், தரம், சேவை, சுத்தம் என்று பிரித்துப் பள்ளிக்கூடத் தேர்ச்சி அட்டை போல எழுத்துத் தரம் போடத் தொடங்கினார். இன்று புழங்கும் கணிப்புப் படிவங்களில் பலவற்றின் சாயலை அதில் பார்க்கலாம்.

நம் தம்பதியின் படிவத்தில் வரவேற்புக்கு 20, வேகத்துக்கு 30, சுத்தத்துக்கு 30, சூட்டுக்கு 20. இந்தப் பங்கீடு உரிமையாளரின் முடிவு. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடை என்றால் வேகத்தின் பங்கை அவர் கூட்டியிருப்பார். எதற்கு எவ்வளவு என்பது போகும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். சாப்பிட்டு வந்த பிறகு எடைக்கல்லை மாற்றக் கூடாது.

வரவேற்பில் நான்கு கேள்விகள். நுழைந்து 30 விநாடிக்குள் யாராவது பார்த்துப் பேசினார்களா? 22 விநாடியில் ஒரு சூப்பர்வைசர் “வாங்க சார், ரெண்டு பேரா?” என்றார். 6 மதிப்பெண். இடம் காட்டினார்களா? காட்டினார், 4. மேஜைக்கு வந்த சப்ளையர் ஆர்டர் கேட்பதற்கு முன் முகம் கொடுத்தாரா? இங்கேதான் பல படிவங்கள் தவறிவிடுகின்றன. வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து எழுதிய படிவம், “மாலை வணக்கம், எங்கள் உணவகத்துக்கு உங்களை வரவேற்கிறோம்” என்ற வாசகத்தை எதிர்பார்க்கும். நம் ஊரில் சப்ளையர் நிமிர்ந்து பார்த்து “சொல்லுங்கண்ணே” என்றாலே அது முழு வரவேற்பு. மனப்பாடமான வாசகத்தைச் சுவரைப் பார்த்துச் சொல்பவருக்கு 5 கொடுத்து, இவருக்குச் சுழி போடும் படிவம் எதை அளக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல படிவம் வாசகத்தைக் கேட்காது. கண்ணைப் பார்த்தாரா, ஒரு சொல்லாவது பேசினாரா என்று இரண்டு செயல்களைக் கேட்கும். இவர் இரண்டையும் செய்தார், 5. கடைசிக் கேள்வி கல்லாவில். பணம் வாங்கியவர் கைபேசியில் பேசிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் மீதியைத் தட்டில் வைத்தார். 5க்குச் சுழி. வரவேற்பு மொத்தம் 15.

வேகத்துக்கு வருவோம். கேட்பதற்கு இது எளிமையான கணக்கு. அனுபவமுள்ள கணிப்பாளர்கள் மிகுந்த கவனம் எடுப்பதும் இதில்தான். கடிகாரத்தை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

7:13க்கு உட்கார்ந்தார்கள். 7:16:30க்கு ஆர்டர் சொன்னார்கள்: ஒரு சாம்பார் இட்லி, ஒரு தட்டு இட்லி, ஒரு மசாலா தோசை. உட்கார்ந்து 3 நிமிடத்துக்குள் ஆர்டர் எடுக்க வேண்டும் என்பது விதி. அரை நிமிடம் தாமதம். 7:20:40க்கு இட்லி வந்துவிட்டது. தயாராக இருக்கும் பண்டத்துக்கு 5 நிமிடம் அளவு, ஆனது 4 நிமிடம் 10 விநாடி. மசாலா தோசை வந்தது 7:29:40க்கு. ஆர்டர் சொன்னதிலிருந்து 13 நிமிடம் 10 விநாடி. அளவு 12 நிமிடம். இதிலும் தாமதம். காபியும் பில்லும் நேரத்துக்கு வந்தன.

ஆர்டருக்கு 8, தோசைக்கு 8, இட்லிக்கு 6, காபிக்கும் பில்லுக்கும் 4, 4. விதியைத் தாண்டினால் நேரே சுழி என்று வைத்தால் வேகத்துக்குக் கிடைப்பது 14தான். ஆனால் 12 நிமிடத்தில் வரவேண்டிய தோசை 13 நிமிடத்தில் வருவதும் 30 நிமிடத்தில் வருவதும் ஒன்றா? அந்த வாடிக்கையாளருக்கு நிச்சயமாக ஒன்றல்ல. அதனால் இந்தப் படிவத்தில் நடுவே ஒரு படி இருக்கிறது: விதித்த நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு வரை பாதி மதிப்பெண், அதற்கு மேல் சுழி. ஆர்டருக்கு 4, தோசைக்கு 4, மற்றவற்றுக்கு முழுவதும் 14. மொத்தம் 22.

இந்த இடத்தில் கணவர் ஒரு வேலை செய்தார். பில்லைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். அந்த உணவகத்தின் பில்லில் ஆர்டர் கணினியில் பதிந்த நேரமும் அச்சாகிறது: 7:19. சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டை ஓட்டல்காரர்கள் கே.ஓ.டி. என்பார்கள். அது 7:19க்குத்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து எண்ணினால் தோசை 10 நிமிடம் 40 விநாடியில் தயாராகி வந்துவிட்டது, விதிக்குள்ளேயே. மாத இறுதியில் உரிமையாளர் தன் கணினியைப் பார்த்தால் தோசையில் குறை எதுவும் தெரியாது. தோசை மாஸ்டர் மீதும் தவறில்லை. வாயால் சொன்ன ஆர்டர் கணினிக்குப் போய்ச்சேர இரண்டரை நிமிடம் ஆனது. ஒரு சப்ளையருக்கு எட்டு மேஜை, ஒரே ஒரு கணினித் திரை, அதன் முன்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்றால் இப்படித்தான் ஆகும்.

சில இடங்களில் இது தற்செயலாக நடப்பதில்லை. நேரத்தை வைத்து ஊக்கத்தொகை என்று அறிவித்தால், ஆர்டரைத் தாமதமாகப் பதிந்து நேரத்தைக் குறைத்துக் காட்டும் பழக்கம் வந்துவிடும். காரிலிருந்தபடியே உணவு வாங்கும் அமெரிக்கக் கடைகளில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. ஜன்னலருகே கார் நிற்கும் நேரத்தைத் தரையில் பதித்த உணர்வி எண்ணுகிறது. உணவு தயாராகவில்லை என்றால் “கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள், கொண்டுவந்து தருகிறோம்” என்று காரை நகர்த்திவிடுகிறார்கள். எண்ணுவது நின்றுவிடும், பசி நிற்காது. வெளியிலிருந்து வரும் ஒருவரின் கைக்கடிகாரத்துக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். வாடிக்கையாளர் வாய் திறந்த கணத்தில் அது தொடங்குகிறது, தட்டு மேஜையில் பட்ட கணத்தில் நிற்கிறது.

சுத்தம் கண்ணுக்குத் தெரிவது என்பதாலேயே அதில் ஏமாறுவதும் எளிது. சிரித்துப் பேசிய சப்ளையரின் மேஜை நமக்குக் கொஞ்சம் கூடுதல் சுத்தமாகவே தெரியும். அதனால் “சுத்தமாக இருந்ததா?” என்று கேட்பதில் பயனில்லை. மேஜை மீது கை வைத்தால் ஒட்டுகிறதா? டம்ளரின் விளிம்பில் கறை இருக்கிறதா? கை கழுவுமிடத்தில் சோப்பு இருக்கிறதா? இப்படிக் கேட்டால் பதில் ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் வரும்.

இவர்கள் உட்கார்ந்ததும் மேஜை துடைப்பவர் வந்து, கையிலிருந்த ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் போனார். அதே துணியால் அதற்கு முன் இரண்டு மேஜைகளைத் துடைத்ததை மனைவி பார்த்திருந்தார். மேஜை பளபளத்தது, உள்ளங்கை வைத்தபோது பிசுபிசுத்தது, ஊறிய துணியின் வாடையும் வந்தது. 6க்கு 3. பாத்திரங்களுக்கு 6, தரைக்கு 4, கை கழுவுமிடத்துக்கு 6, எல்லாம் முழுமை. கழிப்பறையில் தரை காய்ந்திருந்தது, தண்ணீர் வந்தது, ஆனால் சோப்புப் புட்டி காலி: 8க்கு 4. ஆக 23.

கழிப்பறைக் கதவின் பின்னால் மணிக்கொரு முறை சுத்தம் செய்ததற்குக் கையெழுத்திடும் அட்டை தொங்கியது. அப்போது மணி 7:40. அட்டையில் இரவு 9 மணி வரை கையெழுத்து இருந்தது! இதற்குப் படிவத்தில் கேள்வியே இல்லை. மனைவி அதைக் குறிப்புப் பகுதியில் எழுதினார். எண்ணாகப் போடமுடியாத இத்தகைய வரிகளுக்காகத்தான் ஒவ்வொரு பகுதியின் கீழும் நான்கு வரி வெற்றிடம் விடுகிறார்கள். சில வேளைகளில் மொத்த மதிப்பெண்ணைவிட அந்த நான்கு வரிகள் உரிமையாளருக்கு அதிகம் சொல்லும்.

இனி சூடு. இந்த நான்கில் கருவி வைத்து அளக்கும் ஒரே பகுதி என்பதால் இதன் எண்ணை எல்லோரும் நம்புகிறார்கள். நம்பலாம், அளந்தவர் முறையாக அளந்திருந்தால்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே வெப்பமானியைச் சரிபார்க்க வேண்டும். ஒரு டம்ளர் நிறையப் பொடித்த ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஊசியை நடுவில் வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் அந்த வெப்பமானி அன்றைக்கு வேண்டாம். துப்பாக்கி போல நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இந்த வேலைக்கு உதவாது. அது மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கிறது. பளபளக்கும் எவர்சில்வர் கிண்ணத்தின் மீது பட்டால் அந்த எண்ணும் தவறு. ஊசிதான் வேண்டும். இட்லியின் பக்கவாட்டில் குத்தி நடுப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். சாம்பாரில் கிண்ணத்தின் அடியைத் தொடாமல் நடுவில் நிறுத்த வேண்டும். தட்டு மேஜைக்கு வந்து ஒரு நிமிடத்துக்குள், எண் அசையாமல் நின்ற பிறகு, நேரத்தோடு சேர்த்து எழுத வேண்டும். மேஜை விரிப்பின் மறைவில், ஒவ்வொன்றுக்கும் இடையே ஊசியைத் துடைத்து, இதையெல்லாம் செய்யச் சற்றுப் பழக்கம் தேவை.

இட்லியின் நடுவில் 61 டிகிரி. உரிமையாளர் வகுத்த அளவு 55. முழு மதிப்பெண் 6. தோசையை அளப்பதில்லை, அந்த மெல்லிய முறுகலில் ஊசி நிற்க இடமில்லை.

காபி 66. அதற்கான அளவு 60 முதல் 70 வரை, அதுவும் 6. காபிக்கு மேல் வரம்பு எதற்கு என்று கேட்கலாம். 1992இல் அமெரிக்காவின் அல்புகெர்க் நகரில் 79 வயது மூதாட்டி ஒருவரின் மடியில் மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டி, தோல் மாற்று அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்குத் தீக்காயம் பட்டது. அந்தக் காபியை 82 முதல் 88 டிகிரி வரை சூடாக வைத்திருக்கும் வழக்கம் 1994இல் நடந்த விசாரணையில் தெரியவந்தது. நம் ஊரில் டபராவில் ஆற்றிக் குடிப்பதால் ஆபத்து குறைவுதான். ஆனாலும் ‘சூடு கூடக்கூட மதிப்பெண் கூடும்’ என்று படிவம் எழுதுவது பிழை. காபியை ஆற்றுவதற்கு முன் அளக்க வேண்டும் என்பதையும் படிவம் சொல்லியாக வேண்டும். இரண்டு முறை ஆற்றினாலே எண் இறங்கிவிடும்.

சாம்பார் 48. உரிமையாளர் வைத்த அளவு 60. இதற்கு 8 மதிப்பெண், கிடைத்தது சுழி. சூடு மொத்தம் 12.

இந்த 48ஐ எப்படிப் புரிந்துகொள்வது? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவகங்களுக்குத் தந்துள்ள சரிபார்ப்புப் பட்டியலில், பரிமாறக் காத்திருக்கும் சூடான உணவை 65 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. பிரிட்டனில் இது 63, அமெரிக்க மாதிரி விதியில் 57. இவையெல்லாம் சமையலறையில் உணவு காத்திருக்கும் பாத்திரத்துக்கான அளவுகள். மேஜையில் உள்ள கிண்ணத்துக்கானவை அல்ல. பாத்திரத்தில் 70 டிகிரியில் இருந்த சாம்பாரைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, வரிசையாக அடுக்கி, குளிர்சாதன அறையில் பத்து நிமிடம் வைத்தாலும் அது 48க்கு இறங்கிவிடக்கூடும். அப்படியானால் அது ருசிக் குறை மட்டுமே. பாத்திரமே மூன்று மணி நேரமாக 48இல் இருக்கிறது என்றால் கதை வேறு. பருப்புக் குழம்பு போன்ற உணவில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா 43 முதல் 47 டிகிரி வரையிலான சூட்டில் மிக வேகமாகப் பெருகும்; சாதகமான சூழலில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும். வயிற்றுப்போக்குக்கு அது பெயர்பெற்றது. அதே 48 ஒரு கடையில் அலட்சியத்தையும் இன்னொரு கடையில் அபாயத்தையும் குறிக்கலாம்.

மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சமையலறை தெரியாது. ஆனால் தமிழ்நாட்டு உணவகத்தில் ஒரு வழி இருக்கிறது. கணவர் கையைத் தூக்கி, “அண்ணே, கொஞ்சம் சாம்பார்” என்றார். சப்ளையர் வாளியோடு வந்து காலிக் கிண்ணத்தில் ஊற்றினார். ஊசி 64 காட்டியது. பாத்திரம் சரியாகத்தான் இருக்கிறது. முன்கூட்டியே ஊற்றி அடுக்கிவைத்த கிண்ணங்களில்தான் குறை. வாளிச் சாம்பாரும் 50ஐ ஒட்டி இருந்திருந்தால், அவர்கள் மதிப்பெண் போடுவதோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். வெளியே வந்ததும் ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள், அன்று இரவே பாத்திரத்தைச் சோதிக்கும்படி.

15, 22, 23, 12. கூட்டினால் 72.

கூட்டலில்தான் இந்த முறையின் பலவீனம் இருக்கிறது. சாம்பார் பாத்திரமே 48 டிகிரியில் இருந்திருந்தாலும் மொத்தம் இதே 72தான். கல்லாக்காரர் மட்டும் சிரித்துப் பேசியிருந்தால் 77 ஆகியிருக்கும். ஒரு புன்னகை 5 மதிப்பெண்ணால் ஒரு பாதுகாப்புக் குறையை மூடும் இடத்தில் கூட்டல் ஒத்துவராது. அதனால் கவனமாகப் படிவம் எழுதுபவர்கள் சிலவற்றைக் கூட்டலுக்கு வெளியே வைக்கிறார்கள்: காத்திருக்கும் உணவின் சூடு, வேகாத உணவு, தட்டில் பூச்சி, கழிப்பறையில் தண்ணீர் இல்லாமை. இவற்றில் ஒன்று பட்டாலும் அந்த வருகைக்கு மொத்த எண்ணே கிடையாது. ‘உடனடி நடவடிக்கை’ என்ற ஒரு வரிதான்.

இன்னொரு பிழை, கேட்காத பண்டத்தால் வருவது. தம்பதி காபி கேட்காமல் கிளம்பியிருந்தால், சூட்டில் காபிக்குரிய 6ஐ என்ன செய்வது? சுழி போட்டால் 66 ஆகிறது. காபி மோசமாக இருந்தது போலப் பொருள் தரும். முழுவதும் கொடுத்தால் குடிக்காத காபிக்குப் பாராட்டு. காபி வந்த வேகத்துக்கான 4க்கும் இதே கேள்விதான். சரியான வழி, அந்த 10ஐ மேலிருந்தும் கீழிருந்தும் எடுத்துவிடுவது: 90க்கு 62, அதாவது 68.9 சதவீதம். ஒரே வருகைக்குக் கணக்கு முறையைப் பொறுத்து மூன்று வெவ்வேறு எண்கள் வருகின்றன. இரண்டு கிளைகளை ஒப்பிடும்போது இந்த விதி இரண்டுக்கும் ஒன்றாக இல்லையென்றால் அந்த ஒப்பீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஒரு மாலையின் 72ஐ வைத்து ஒருவருடைய சம்பளத்தில் கை வைப்பது நியாயமாகாது என்பதையும் சொல்ல வேண்டும். கல்லாக்காரருக்கு அந்த நிமிடத்தில் வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்திருக்கலாம். வெள்ளி மாலை 7 மணியும் செவ்வாய் பிற்பகல் 3 மணியும் ஒரே உணவகத்தின் இரண்டு முகங்கள். அடுத்த மாதம் செவ்வாயில் போய் 85 போட்டுவிட்டு, கடை முன்னேறிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஊழியர்களிடமும் இப்படி ஆட்கள் வருவார்கள் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். யார், எப்போது என்பது மட்டுமே ரகசியம்.

அன்று இரவு 9 மணிக்குள் தம்பதி அறிக்கையை எழுதி முடித்தார்கள். மறுநாள் எழுதினால் 22 விநாடி ‘சீக்கிரமாகவே’ என்று மாறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். உரிமையாளர் 72ஐப் பார்த்துவிட்டு, கீழே குறிப்புகளுக்குப் போனார். ஆர்டர் எடுக்கும் சப்ளையர்களுக்காக மண்டபத்தின் மறுகோடியில் இன்னொரு கணினித் திரை வைக்கச் சொன்னார். சாம்பாரைக் கிண்ணங்களில் ஊற்றி அடுக்கும் மேடையை எடுத்துவிட்டு, இட்லித் தட்டு கிளம்பும்போது வாளியிலிருந்து ஊற்றும்படி மாற்றினார். கழிப்பறை அட்டையில் கையெழுத்தோடு நேரத்தையும் கையால் எழுத வேண்டும் என்றார்.

அடுத்த மாதம் அதே வெள்ளிக்கிழமை மாலை, அதே 7 மணியை ஒட்டி, வேறொரு குடும்பம் போகும். அவர்கள் கையில் இருக்கும் படிவத்தில் சாம்பார் பற்றிய கேள்வி இரண்டாகப் பிரிந்திருக்கிறது: கிண்ணத்தில் எத்தனை டிகிரி, வாளியில் எத்தனை டிகிரி.